அது உண்மைதான்... ஆனா, பத்தியில இருக்கா?

முதலில் ஒரு சின்னப் பத்தி. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் புதுச் செய்தி என்று எதுவும் இருக்காது. இருக்கக் கூடாது என்றுதான் இப்படி ஒரு பத்தி. ஒரே ஒரு முறை நிதானமாகப் படித்துவிட்டு, கீழே இருக்கும் கேள்விக்கு விடையைத் தேர்ந்தெடுங்கள்.

'மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12 அன்று தண்ணீர் திறக்கப்படுகிறது. அணையில் போதிய நீர் இல்லாத ஆண்டுகளில் இந்தத் திறப்பு தள்ளிப்போயிருக்கிறது. அப்படித் தள்ளிப்போகும் ஆண்டுகளிலும், ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் விவசாயிகள் பலர் குறுவைக்கு நாற்று விட்டுவிடுகிறார்கள். கிணறு இல்லாதவர்கள் பெரும்பாலும் குறுவையை விட்டுவிட்டு சம்பாவுக்காகக் காத்திருக்கிறார்கள். எனவே, ஆற்றில் தண்ணீர் தாமதமாவது எல்லா விவசாயிகளையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை.'

கேள்வி: மேற்கண்ட பத்தியின்படி கீழ்க்கண்டவற்றில் எது சரி?

அ) குறுவை, சம்பாவைவிடக் குறைந்த நாளில் அறுவடைக்கு வரும் பயிர்.

ஆ) கர்நாடகத்தின் காவிரி நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை குறைந்தால் மேட்டூர் அணைக்கு வரும் தண்ணீர் குறையும்.

இ) தண்ணீர் திறப்பு தாமதமாகும் ஆண்டுகளில், குறுவை போடுவதா வேண்டாமா என்ற முடிவில் கிணற்று வசதிக்கும் பங்கு இருக்கிறது.

ஈ) ஆழ்துளைக் கிணறுகள் பெருகினால் நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு வீட்டில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மகள் இந்தக் கேள்வியைச் சத்தமாக வாசிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பா என்ன சொல்வார்?

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? 'அ'தான். ஆடுதுறை 36 நூத்திப்பத்து நாள்ல வந்துடும். சி.ஆர். 1009 போட்டா அஞ்சு மாசம் ஆகும். பச்சப்புள்ளைக்கும் தெரியுமே!"

"அப்பா, 'ஆ'வும் சரிதானே? குடகுல மழ இல்லன்னா மேட்டூருக்கு ஏது தண்ணி?"

"அதுவும் சரிதான். 'ஈ'யும் சரிதான். நம்ம பக்கத்து கொல்லையில போர் எறங்கிப்போனதப் பாக்கலயா? என்னம்மா இது, எல்லாமே சரியா இருக்கு. கேள்வியே தப்பு போல!"

கேள்வி தப்பு இல்லை. அப்பா சொன்ன விவரங்களிலும் தப்பு இல்லை. ஆனால் விடைத்தாளில் 'அ' என்று கறுப்படித்தால் மதிப்பெண் கிடைக்காது. பத்தி, குறுவை எத்தனை நாள் பயிர் என்று சொல்லவில்லை. சம்பா எத்தனை நாள் என்றும் சொல்லவில்லை. இரண்டையும் ஒப்பிடவே இல்லை. அந்த ஒப்பீட்டைக் கொண்டுவந்தது திண்ணையில் இருந்தவரின் முப்பது வருஷ அனுபவம்.

விடை 'இ'.

தலைகீழாகப் போட்டுப் பாருங்கள்

'பத்தியில் இருப்பதை மட்டும் பார்' என்று எல்லா ஆசிரியர்களும் சொல்கிறார்கள். பிள்ளைகளும் தலையாட்டுகிறார்கள். அப்புறமும் ஏன் தப்பாகிறது? நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தைப் படிக்கும்போது, எது கண் பார்த்தது, எது மனசு சேர்த்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். 'குறுவையை விட்டுவிட்டு சம்பாவுக்காகக் காத்திருக்கிறார்கள்' என்று படித்த கணமே, டெல்டாக்காரர் மனசில் ஒரு காலண்டர் விரிந்துவிடுகிறது. எப்போது நாற்று, எப்போது நடவு, எப்போது அறுப்பு எல்லாம் வந்துவிடுகின்றன. ஒரு நிமிடம் கழித்துக் கேட்டால், அந்தக் காலண்டரையும் பத்தியில் படித்ததாகவே தோன்றும்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு கெட்டியான வழி இருக்கிறது. 'இது உண்மையா?' என்று கேட்கவே கேட்காதீர்கள். அதற்குப் பதிலாக, 'இது பொய்யாக இருந்தால் பத்தியில் எந்த வரி அடிபடும்?' என்று கேளுங்கள்.

'அ'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தலைகீழாகப் போடுங்கள்: குறுவை சம்பாவைவிட அதிக நாள் எடுக்கும் பயிர் என்று ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அபத்தம்தான், பரவாயில்லை. இப்போது பத்தியை மறுபடி படியுங்கள். ஜூன் 12 வரி நிற்கிறது. திறப்பு தள்ளிப்போகும் வரி நிற்கிறது. கிணறு வைத்திருப்பவர்கள் நாற்று விடுவது, இல்லாதவர்கள் காத்திருப்பது, எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஐந்து வரிகளில் ஒன்றுகூட அடிபடவில்லை. அப்படியென்றால் 'அ'வுக்கும் இந்தப் பத்திக்கும் சம்பந்தம் இல்லை.

'ஆ'வைத் தலைகீழாக்குங்கள். கர்நாடகத்து மழைக்கும் மேட்டூருக்கும் தொடர்பே கிடையாது என்று வையுங்கள். பத்தி, அணையில் நீர் இல்லாத ஆண்டுகள் உண்டு என்று மட்டும்தான் சொல்கிறது. ஏன் இல்லை என்று சொல்லவில்லை. 2024-ல் மேட்டூர் ஜூலை 28-ம் தேதிதான் திறக்கப்பட்டது, 2022-ல் மே 24-ம் தேதியே திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் டெல்டாவில் டீக்கடைப் பேச்சு. அந்தப் பேச்சு பத்திக்குள் கிடையாது. 'ஆ'வும் போச்சு. 'ஈ'யில் இருக்கும் நிலத்தடி நீர்மட்டம் என்ற சொல்லையே பத்தி உச்சரிக்கவில்லை.

இப்போது 'இ'. அதைத் தலைகீழாக்கினால், குறுவை முடிவில் கிணற்று வசதிக்குப் பங்கே இல்லை என்றாகும். மூன்றாவது வரியும் நான்காவது வரியும் உடனே இடிக்கின்றன. கிணறு உள்ளவர் ஒரு மாதிரியும் இல்லாதவர் இன்னொரு மாதிரியும் நடந்துகொள்கிறார்கள் என்று அந்த வரிகள் சொல்கின்றன. அதை வைத்துத்தான் 'எனவே' என்று ஐந்தாவது வரி தொடங்குகிறது. ஆக, 'இ' பொய்யானால் பத்தியே சரிந்துவிடும். விடை அதுதான்.

கவனித்தீர்களா, 'இ'யில் இருக்கும் வாக்கியம் அப்படியே பத்தியில் இல்லை. 'பங்கு', 'முடிவு' என்ற சொற்கள்கூட இல்லை. ஆனால் பொருள் இருக்கிறது. தவறான மூன்றில் இரண்டு, 'குறுவை', 'சம்பா', 'ஆழ்துளைக் கிணறு' என்று பத்தியின் சொற்களை அப்படியே தூக்கிவைத்திருக்கின்றன. சொல் பொருத்தம் பார்த்து விடை தேடுகிறவர்கள் இங்கேயும் ஒரு முறை வழுக்கி விழுவார்கள்.

மூன்றரை மதிப்பெண்ணில் போகும் வருஷம்

ஒரு கேள்வி போனால் என்ன என்று தோன்றலாம். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பணிகளுக்காக யு.பி.எஸ்.சி. நடத்தும் முதல்நிலைத் தேர்வில், இரண்டாம் தாளைப் பாருங்கள். 'சிசாட்' என்று பிள்ளைகள் சொல்லும் தாள். 2011-ல் வந்தது. 2015-லிருந்து இதில் 33 சதவிகிதம் எடுத்தால் போதும் என்றாக்கினார்கள். 200-க்கு 66. 'அவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் அந்த 66 வரவில்லையென்றால், முதல் தாளில் எவ்வளவு எடுத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

மொத்தம் 80 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். தவறாக எழுதினால் மூன்றில் ஒரு பங்கு கழியும். அதாவது சுமார் 0.83. கணக்குக் கேள்விகளோடு, பத்தி படித்து விடை சொல்லும் கேள்விகளும் கணிசமாக வரும். அந்தப் பத்திகளுக்கு மேலே, 'உங்கள் விடைகள் பத்தியை மட்டுமே அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும்' என்ற பொருளில் ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும். பெரும்பாலானோர் அந்த ஒரு வரியைத் தாண்டிக்கொண்டு பத்திக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போடலாம். ஒருவர் 30 கேள்விகளுக்குச் சரியாக விடை எழுதுகிறார்: 75 மதிப்பெண். 15 தவறு: பன்னிரண்டரை கழிகிறது. மிச்சம் 62.5. தேர்ச்சி இல்லை. தவறான அந்தப் பதினைந்தில் ஐந்து, 'பொதுவாக உண்மை, ஆனால் பத்தியில் இல்லை' என்ற ரகம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்தையும் அவர் தொடாமல் விட்டிருந்தாலே போதும். கழிவது 8.33 ஆகக் குறைந்து, 66.67 கையில் நின்றிருக்கும். சரியாக எழுதியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தெரிந்த உண்மையை எழுதாமல் இருந்திருந்தாலே தேர்ச்சி!

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கல். சிசாட் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். விவசாயம், பருவநிலை, தண்ணீர், கிராமப் பொருளாதாரம் என்று பத்திகள் வரும். ஆங்கில வாக்கியம் நீளமாக, சிக்கலாகப் போகும்போது, அதில் தெரிந்த சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை நமக்குத் தெரிந்த விஷயத்தால் நிரப்பிக்கொள்வது இயல்பு. மொழி தடுமாறுகிற இடத்தில் பொது அறிவு ஓடிவந்து கைகொடுப்பதுபோல் தெரியும். அந்தக் கைதான் பெரும்பாலும் தவறான விடைக்குக் கூட்டிப்போகிறது. ஒரு பிள்ளைக்கு இந்த வகைத் தவறு அடிக்கடி வந்தால், அவசரப்படுகிறது என்று திட்டுவதற்கு முன், அந்த வாக்கியம் முழுசாகப் புரிந்ததா என்று பார்த்துவிடுவது நல்லது.

வேண்டுமென்றேதான் வைக்கிறார்களா?

ஆமாம், வேண்டுமென்றேதான். அதற்குக் காரணமும் இருக்கிறது.

அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி. என்று ஒரு தேர்வு உண்டு. அதிலும் பத்தி படித்து விடை சொல்லும் கேள்விகள் வரும். 1990-ல் ஸ்டூவர்ட் காட்ஸ் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு வேடிக்கையான சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பத்தியைக் கொடுக்காமல், கேள்விகளையும் விடைத் தெரிவுகளையும் மட்டும் மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகப் போட்டால் எவ்வளவு வருமோ, அதைவிட நன்றாகவே அந்த மாணவர்கள் எழுதினார்கள். பத்தியையே பார்க்காமல்!

கேள்வி தயாரிப்பவர்களுக்கு இது ஒரு அவமானம். வாசிப்பைச் சோதிக்கிறோம் என்று சொல்லிவிட்டு, வாசிக்காமலேயே விடை போட முடிகிறதென்றால், அந்தக் கேள்வி எதைச் சோதிக்கிறது? வீட்டில் நிறையப் புத்தகம் இருக்கிற பிள்ளையையும் இல்லாத பிள்ளையையும்தான் பிரித்துக்காட்டுகிறது. நம் உதாரணத்திலேயே பாருங்கள்: 'அ' சரியான விடை என்று வைத்திருந்தால், ஒரத்தநாட்டுப் பெண் பத்தியைத் தொடாமல் விடை போட்டிருப்பார். நெல் வயலையே பார்க்காத சென்னைப் பையன், பத்தியை வரி வரியாகப் படித்தும் விடை கிடைக்காமல் முழித்திருப்பான். அது அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம்.

அதனால்தான் நல்ல கேள்வித் தயாரிப்பாளர், தெரிந்தவர்களைச் சுண்டி இழுக்கும் ஓர் உண்மையை, தவறான தெரிவாக வைக்கிறார். பத்தியைப் படித்தவர் மட்டும் தப்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதில் டெல்டாப் பிள்ளைக்கு டெல்டாப் பத்திதான் ஆபத்தானது என்பது கொஞ்சம் வயிற்றெரிச்சலான விஷயம்தான். பனிப்பாறை பற்றியோ, ஐரோப்பிய வங்கி பற்றியோ பத்தி வந்தால் சேர்ப்பதற்குக் கையில் எதுவும் இருக்காது. பத்தியையே கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் ஒரு சம்பவம் உண்டு. 1931, 32-ல் அலெக்சாண்டர் லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். பள்ளிக்கூடமே போகாத விவசாயிகளிடம் இப்படி ஒரு கணக்குப் போட்டார்: பருத்தி வெப்பமான, வறண்ட இடத்தில்தான் விளையும். இங்கிலாந்து குளிரும் ஈரமுமான நாடு. அங்கே பருத்தி விளையுமா? அவர்களில் பலர் பதில் சொல்ல மறுத்தார்கள். அந்த ஊரைப் பார்த்ததில்லை, பார்க்காததைப் பற்றி எப்படிச் சொல்வது என்பதுதான் அவர்கள் நிலை. பருத்தி அவர்களுக்குக் கைவந்த பயிர். ஆனால் சொல்லப்பட்ட இரண்டு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வா என்ற விளையாட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் பள்ளிக்கூடம் போய்வந்தவர்கள் அந்த விளையாட்டுக்குச் சுலபமாக வந்தார்கள். திண்ணை அப்பாவும் அந்த உஸ்பெக் விவசாயியும் ஒரே கட்சி: வாய்ச்சொல்லைவிட வயல் பெரிது. வாழ்க்கைக்கு அது நல்ல கட்சி. தேர்வுத்தாளில் மட்டும் கட்சி மாற வேண்டியிருக்கிறது.

எழுதாத ஒன்று சரியான விடையாகும் இடம்

'பத்தியில் எழுதியிருந்தால்தான் சரி' என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டால், பிள்ளைகள் வேறொரு குழியில் விழுவார்கள். நம் பத்தியையே மறுபடி பாருங்கள். ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் ஏன் ஆற்றுத் தண்ணீர் வராமலே நாற்று விடுகிறார்கள்? கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துப் பாய்ச்சலாம் என்பதால். அப்படி ஒரு வரி பத்தியில் கிடையாது. ஆனால் அதை நாமாகச் சேர்க்காவிட்டால் மூன்றாவது வரிக்கு அர்த்தமே இல்லை. வெளியறிவு துளியும் இல்லாமல் யாராலும் எதையும் படிக்க முடியாது.

அப்படியென்றால் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது? அதற்கும் அதே தலைகீழ்ச் சோதனைதான். 'கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு நாற்று விட முடியாது' என்று போட்டுப் பாருங்கள். மூன்றாவது வரி தள்ளாடுகிறது. கிணறு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லாமல் போகிறது. ஆக, அது பத்தி தன் காலில் நிற்பதற்குத் தேவையான சேர்ப்பு. குறுவை குறுகிய காலப் பயிர் என்பது அப்படி இல்லை. அது இல்லாமலும் பத்தி நிற்கிறது.

சிசாட்டில் இதை நேரடியாகவே கேட்பார்கள். 'இந்தப் பத்தியின் அடிப்படையில் கீழ்க்கண்ட அனுமானங்கள் செய்யப்பட்டுள்ளன' என்று சொல்லி, எது செல்லும் என்பார்கள். இங்கே அனுமானம் என்பது, ஆசிரியர் எழுதாமல், ஆனால் சரியென்று மனசில் வைத்துக்கொண்டு எழுதிய விஷயம். ஆகவே 'எந்த வரியில் இருக்கிறது?' என்று விரல் வைத்துத் தேடினால் கிடைக்காது. விரல் வைக்கும் பழக்கம், 'பத்தியின்படி எது சரி' என்ற கேள்விக்கு. தலைகீழ்ச் சோதனை இரண்டுக்கும் உதவும்.

எல்லாக் கேள்விக்கும் இது பளிச்சென்று விடை தந்துவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'பத்தி உணர்த்தும் மிகவும் தர்க்கபூர்வமான, நடைமுறைக்கேற்ற செய்தி எது?' என்று ஒரு ரகம் உண்டு. அதில் இரண்டு தெரிவுகள் கிட்டத்தட்ட சமமாக நிற்கும். அனுபவமுள்ள பயிற்சியாளர்களே ஆளுக்கொரு விடை சொல்வார்கள். அப்படிப்பட்ட கேள்வியில் முட்டி மோதாமல், தெளிவாக விழக்கூடிய கேள்விகளை முதலில் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

'தவறு' வேறு, 'சொல்லவில்லை' வேறு

வெளிநாட்டில் படிக்கவோ, நர்ஸ் வேலைக்கோ போக நினைக்கிறவர்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் இந்தப் பிரச்னைக்குத் தனி நாற்காலியே போட்டு வைத்திருக்கிறார்கள். வாசிப்புப் பகுதியில் 60 நிமிடத்தில் 40 கேள்விகள். அதில் வரும் ஒரு ரகத்தில், ஒரு வாக்கியத்தைக் கொடுத்து மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொல்வார்கள்: 'சரி', 'தவறு', 'சொல்லப்படவில்லை'. இந்த மூன்றாவதுதான் 'நாட் கிவன்'.

'ஆற்றுத் தண்ணீர் தாமதமானால் எல்லா விவசாயிகளுக்கும் ஒரே அளவு பாதிப்பு.' ஐந்தாவது வரி இதை நேரடியாக மறுக்கிறது. எனவே 'தவறு'.

'தாமதமான ஆண்டுகளில் கிணறு இல்லாத விவசாயிகளுக்கு வருமானம் குறைகிறது.' இதற்கு 'சரி' என்று போடத்தான் கை போகும். ஒரு போகம் போனால் வருமானம் குறையாதா என்ன? ஆனால் பத்தி வருமானத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவர்கள் அந்த இடைவெளியில் வேறு வேலைக்குப் போயிருக்கலாம், உளுந்து போட்டிருக்கலாம், நமக்குத் தெரியாது. பத்தி இதை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. 'சொல்லப்படவில்லை'.

வித்தியாசம் இவ்வளவுதான். 'தவறு' என்று போட, பத்தியில் அதை எதிர்க்கும் ஒரு வரியைக் காட்ட வேண்டும். காட்ட வரி இல்லையென்றால் அது தவறு அல்ல, சொல்லப்படாதது. இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள் என்பதால் எதையும் காலியாக விட வேண்டாம். சிசாட்டுக்குச் சொன்ன 'தொடாமல் விடு' உத்தி இங்கே பொருந்தாது.

வீட்டில் ஒரு பென்சில் போதும்

இதற்கென்று புத்தகம் வாங்க வேண்டியதில்லை. அன்றைய செய்தித்தாளில், உங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செய்தியாக எடுங்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதப் பிரச்னை, ஆறு தூர்வாரும் பணி, பெரிய கோயில் சதய விழா, எதுவானாலும் சரி. தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தெரியாத விஷயத்தில் பயிற்சி எடுத்தால் இந்த நோய் வெளியே தெரியாது.

அம்மாவோ அப்பாவோ நான்கு வாக்கியம் எழுதட்டும். ஒன்று செய்தியில் இருப்பதை வேறு சொற்களில் சொல்வது. ஒன்று செய்திக்கு நேர்மாறானது. மிச்சம் இரண்டும், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் செய்தியில் இல்லாத உண்மைகள். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் விடை சொல்வதோடு, பென்சிலால் அந்த வரியைக் கோடிட்டுக் காட்ட வேண்டும். கோடு போட வரி கிடைக்காமல் பென்சில் காற்றில் நிற்கிறதே, அந்த இடம்தான் முக்கியம். 'எனக்குத் தெரியும்' என்று பிள்ளை சொன்னால், 'தெரியும்... எங்கே படிச்ச?' என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி எழுதும்போது பெரியவர்களுக்கும் ஒரு விஷயம் புரிந்துவிடும். செய்தியில் இல்லாத உண்மை எது என்று தேடும்போது, செய்தியில் இருப்பதாக இதுவரை நினைத்திருந்த பாதி விஷயம் அதில் இல்லவே இல்லை என்று தெரியவரும்.

முடிப்பதற்குள் இன்னொரு பத்தி. மூன்றே வரி.

'கல்லணை, கரிகாலனால் கட்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. 19-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர்கள் அதன் அமைப்பில் சில மாற்றங்களைச் செய்தார்கள். இன்றும் அது காவிரி நீரைப் பிரித்து அனுப்புகிறது.'

'சரி', 'தவறு', 'சொல்லப்படவில்லை' என்று பிரியுங்கள்:

1. கரிகாலன் ஒரு சோழ மன்னன்.

2. கல்லணை, கட்டப்பட்ட நாளில் இருந்த அதே அமைப்பில் எந்த மாற்றமும் இல்லாமல் இருக்கிறது.

3. 19-ம் நூற்றாண்டுக்குப் பிறகு கல்லணையில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை.

4. கல்லணையைக் கட்டியவர் கரிகாலன்தான் என்று இந்தப் பத்தி அறுதியிட்டுக் கூறுகிறது.

விடைகள்: முதலாவது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த உண்மை, ஆனால் பத்தியில் சோழன் என்ற சொல்லே இல்லை. எனவே 'சொல்லப்படவில்லை'. இரண்டாவது 'தவறு', இரண்டாம் வரி அதை எதிர்க்கிறது. மூன்றாவது 'சொல்லப்படவில்லை', 19-ம் நூற்றாண்டில் மாற்றம் நடந்தது என்றால், அதற்குப் பிறகு நடக்கவில்லை என்று ஆகாது. நான்காவது 'தவறு'. 'கட்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது' என்றுதான் முதல் வரி எழுதியிருக்கிறது. அந்தச் 'சொல்லப்படுகிறது'வைத் தாண்டிப் போயிருந்தால், பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரு முறை திரும்பிப் போய் அடிக்கோடு போட்டுவிட்டு வாருங்கள்.